மண்டையோட்டில் ஏறிய பெயர்கள்

தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஆதிச்சநல்லூரில் 2004, 2005 ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அகழ்ந்தது. தாழிகளுக்குள் எலும்புகளும் மண்டையோடுகளும் கிடைத்தன. அந்த மண்டையோடுகளைப் பார்த்துச் சொல்லப்பட்ட முடிவு சில ஆண்டுகள் கழித்துப் பத்திரிகைகளில் விழுக்காட்டுக் கணக்காக வந்தது: காகசாய்டு 35, மங்கோலாய்டு 30, நீக்ராய்டு 16, திராவிடர் 8, ஆஸ்திரலாய்டு 6, மீதி 5 கலப்பு. படித்தவர்கள் பலர், உலகத்து மக்களெல்லாம் வந்து தங்கிய துறைமுகமாக அந்த ஊர் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். சேத்தியாத்தோப்பில் என்னோடு பேசுகிற ஆசிரியர் ஒருவர் இந்தக் கணக்கை இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்.

எனக்கு அந்தப் பட்டியலில் எண்களைவிடப் பெயர்கள்தான் உறுத்தின. ஒன்று ஒரு மலைத்தொடரின் பெயர். ஒன்று ஒரு கண்டத்தின் பெயர். ஒன்று நிறத்தைக் குறித்து வந்த சொல். இன்னொன்று ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். எலும்பை அளந்தவருக்கு இந்த நான்கு வகைப் பெயர்களும் எங்கிருந்து கிடைத்தன? மலையும் மொழியும் மண்டையோட்டில் எப்படித் தெரியும்?

வாலிலிருந்து தொடங்குவோம். ‘ஆய்டு’ என்று முடியும் இப்பெயர்களின் பின்னொட்டு கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ஐடோஸ்’ என்றால் வடிவம், தோற்றம். ஆக, காகசாய்டு என்றால் காகசஸ்காரர் போன்றவர். ஆஸ்திரலாய்டு என்றால் ஆஸ்திரேலியர் போன்றவர். சொல்லிலேயே ஒப்பீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர் இன்னார் என்று அது சொல்லவில்லை, இன்னாரைப் போல இருக்கிறார் என்றுதான் சொல்கிறது. ‘போன்ற’ என்பது காலப்போக்கில் கழன்று, ‘காகசாய்டு’ என்பது ஓர் ஆளின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

காகசஸ் எப்படி உள்ளே வந்தது? ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் யோகான் பிரீட்ரிக் புளூமன்பாக் என்ற மருத்துவப் பேராசிரியர் மண்டையோடுகளைச் சேர்த்து வைத்திருந்தார். 1795-இல் அவர் எழுதிய நூலின் மூன்றாம் பதிப்பில் மனிதரை ஐந்து வகையாகப் பிரித்து, ஐரோப்பியரையும் அவர்களை அடுத்து வாழ்ந்தோரையும் ‘காகசியர்’ என்றார். அந்தச் சொல்லை அவருக்குமுன் 1785-இலேயே மைனர்ஸ் என்பவர் பயன்படுத்தியிருந்தார். நிலைக்கச் செய்தவர் புளூமன்பாக். அவருடைய சேகரிப்பில் ஜார்ஜியா நாட்டு இளம்பெண் ஒருத்தியின் மண்டையோடு இருந்தது. ரஷ்யர்களிடம் சிறைப்பட்டு மாஸ்கோவில் இறந்தவள் அவள். அவளுடைய மண்டையோடு மிக அழகாக இருக்கிறது, அந்த வட்டாரத்தில்தான் மனிதகுலம் தோன்றியிருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். பெயரில்லாத ஒரு கைதியின் எலும்பைப் பார்த்து ஒருவர் கொண்ட அழகுணர்ச்சிதான், 200 ஆண்டு கழித்து ஆதிச்சநல்லூர்த் தாழிக்குள் 35 விழுக்காடாக வந்து உட்கார்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்காகவும் வருந்துகிறேன், தாழிக்குள் கிடந்த நம்மவர்களுக்காகவும் வருந்துகிறேன்.

நம் பக்கம் அதிகம் புழங்கியது ‘ஆஸ்திரலாய்டு’. 1870-இல் தாமஸ் ஹக்ஸ்லி மனிதவகைகளின் நிலப்பரவலைப் பற்றி எழுதியபோது, ஆஸ்திரேலியப் பழங்குடிகளையும் தக்காணத்து மக்களையும் ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவந்தார். 1923-இல் அமெரிக்கரான ரோலண்ட் டிக்சன் ‘மனிதனின் இன வரலாறு’ பற்றிய தம் நூலில் ‘ஆதி ஆஸ்திரலாய்டு’ என்னும் வகையை வைத்தார். பெயரில் ஒரு கண்டம் இருந்தாலும், இந்த வகை எந்த இடத்தைக் குறித்தும் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று விகிதங்களின் கூட்டல்தான் அது. தலை நீளமா அகலமா, மண்டை உயரமா தாழ்வா, மூக்குத்துளை அகலமா குறுகலா என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடை. இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. டிக்சனின் மூல வகைகளும் எட்டு. நீளத் தலை, தாழ்ந்த மண்டை, அகல மூக்கு என்றால் ஆதி ஆஸ்திரலாய்டு. நடுத்தர எண் வந்தால், அது வகைகளின் கலப்பு.

அளப்பது எப்படி என்று ஒருமுறை பார்த்துவிடலாம். புருவங்களுக்கு நடுவே உள்ள மேட்டிலிருந்து பின்மண்டையின் கடைக்கோடி வரை வளைகால் அளவியை வைத்தால் நீளம். இருபுறமும் மிக விரிந்த இடத்தில் வைத்தால் அகலம். நீளம் 180 மில்லிமீட்டர், அகலம் 126 என்று கொள்வோம். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 70. எழுபத்தைந்துக்குக் கீழே இருப்பதால் ‘நீளத் தலை’. மூக்குத்துளையின் அகலம் 25, மூக்கின் உயரம் 48 என்றால் குறியெண் 52; எலும்பில் 51-க்கு மேல் போனால் ‘அகல மூக்கு’. இப்போது மூக்கின் அகலத்தை 24 என்று வைத்துப் பாருங்கள். குறியெண் சரியாக 50. அதே மண்டையோடு ‘நடுத்தர மூக்கு’ என்ற பெட்டிக்குப் போய்விடுகிறது, அதனுடைய ‘இனமும்’ மாறுகிறது. இடையில் நடந்தது ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். பழகிய இருவர் ஒரே மண்டையோட்டை அளந்தாலும் இந்த அளவு வேறுபாடு வருவதுண்டு.

தாழியில் கிடந்த மண்டையோட்டுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மண்ணின் பாரம் அதைப் பல நூற்றாண்டுகள் அழுத்தியிருக்கும். ஈரம் ஏறி இறங்கும்போது எலும்பு மெல்ல வளையும். பக்கவாட்டில் அழுத்தம் விழுந்திருந்தால் அகலம் குறைந்து, இயற்கையில் இல்லாத ‘நீளத் தலை’ உண்டாகும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. இடமும் வலமும் சமச்சீராக இருக்காது. தையல் கோடுகள் ஒரு பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மறுபக்கம் வாய்திறந்து நிற்கும். உடைந்த துண்டுகளை ஒட்டும்போது கடைசித் துண்டு தன் இடத்தில் உட்காராது. இந்த அடையாளம் தெரிந்தால் அந்த அளவை விட்டுவிட வேண்டும். எத்தனை பழைய அறிக்கைகளில் எத்தனை அளவுகள் இப்படி விடப்பட்டிருக்க வேண்டியவை என்று கேட்காமல் அவற்றின் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ 1899-இலிருந்து 1905 வரை அகழ்ந்தார். அவர் எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எட்கர் தர்ஸ்டன் அவற்றில் சில மிக நீண்டு ஒடுங்கியவை என்று குறித்தார். 1930-இல் சாலி ஸக்கர்மன் எழுதிய ஆய்வைச் சென்னை அருங்காட்சியகமே வெளியிட்டது. அந்தத் தலைமுறை அறிஞர்கள் ஒரே இடுகாட்டு மண்டையோடுகளில் ஒன்றை ‘ஆதி ஆஸ்திரலாய்டு’ என்றார்கள், இன்னொன்றை ‘மத்தியதரைக்கடல்’ வகை என்றார்கள். மத்தியதரைக்கடலிலிருந்து யாரும் வந்ததற்குச் சான்று தேடியபின் வைத்த பெயர் இல்லை அது. விகிதங்கள் அந்தப் பெட்டியில் விழுந்தன. பெயர் வைத்ததும் பெயரே சான்றாகிவிட்டது. கடல்வழி வந்தவர்கள் என்ற கதை அதன்பின் எழுந்தது.

பி. எஸ். குஹா 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக இந்தியரை ஆறு வகையாகப் பிரித்தபோதும் ‘ஆதி ஆஸ்திரலாய்டு’ அதில் ஒன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்றுவரை அந்த ஆறையும் மனப்பாடம் செய்கிறார்கள். ‘திராவிடர்’ எலும்புக்குள் போனதும் இதே காலத்துக் கதைதான். கால்டுவெல் 1856-இல் அந்தச் சொல்லை மொழிக்குடும்பத்துக்கு நிலைநிறுத்தினார். ரிஸ்லி 1901 கணக்கெடுப்பில் மூக்கை அளந்து அதை உடல்வகைக்குப் பெயராக்கினார். ஒருவர் என்ன மொழி பேசினார் என்பது அவருடைய மண்டையோட்டில் எழுதியிருப்பதில்லை. தெலுங்கு பேசும் வீட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு மூக்கு மாறுவதில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாதபடி செய்வது, இன்று குற்றவியல் ஆய்வுக்கூடங்களில் நடக்கும் வேலை. காட்டிலோ ஆற்று மணலிலோ எலும்புக்கூடு கிடைத்தால் தடய மானிடவியலாளர் நான்கு கேள்விக்கு விடை தேடுகிறார்: ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் என்ன, எந்த மக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர். முதல் மூன்றுக்கும் உடலியல் காரணம் உண்டு. இடுப்பெலும்பு பிள்ளைப்பேற்றுக்கு ஏற்ப வேறுபடும், எலும்பின் முனைகள் வயதோடு ஒட்டும், தொடையெலும்பு உயரத்தோடு நீளும். நான்காவது கேள்வியில்தான் சண்டை.

அதற்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று கண்ணால் பார்ப்பது. மூக்குத்துளையின் கீழ்விளிம்பு கூராக இருக்கிறதா வழுவழுப்பாகச் சரிகிறதா, மூக்கடி முள் நீட்டியிருக்கிறதா, கன்ன எலும்பு எப்படித் திரும்புகிறது, மேல்தாடைத் தையல் நேர்க்கோடா வளைவா என்று குறிப்பார்கள். பழைய பாடநூல்களில் இவற்றை மூன்று வரிசையாகப் போட்டு, இவை இருந்தால் இந்த இனம் என்று எழுதியிருப்பார்கள். 2009-இல் ஜோசப் ஹெஃப்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கூறுகளில் பதினொன்றை எடுத்து, எந்த மக்களிடம் எது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணினார். வரிசையில் எழுதியிருந்தபடி எல்லாக் கூறும் ஒருசேர அமைந்தவர்கள் குறைவு. பாடநூல் வருணித்த ‘மாதிரி மனிதர்’ மண்டையோட்டு அலமாரிகளில் அரிதாகவே இருந்தார்.

இன்னொரு வழி அளவுகளைக் கணினியில் கொடுப்பது. ஜான்ட்ஸ், அவுஸ்லி இருவரும் உருவாக்கிய ஃபோர்டிஸ்க் என்ற மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. கொடுத்த அளவுகளைத் தன்னிடம் இருக்கும் கூட்டங்களோடு ஒப்பிட்டு, எதற்கு நெருக்கம் என்று சொல்லும். அது இரண்டு வகை எண்களைத் தருகிறது. இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் பெரும் தவறுகளுக்கு வேர். ஒன்று, தன் பட்டியலில் உள்ள கூட்டங்களுள் ஒன்றிலிருந்துதான் இந்த மண்டையோடு வந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, எதற்கு எத்தனை வாய்ப்பு என்று பங்கிடும் எண். மற்றது, அந்தக் கூட்டத்தில் இப்படி ஒரு மண்டையோடு இருப்பது இயல்பா என்று சொல்லும் எண். முதலாவது 0.95 என்று பளிச்சென்று வரலாம். இரண்டாவது 0.01 என்று இருந்தால், இந்த ஆள் பட்டியலில் எவரோடும் சேராதவர், இருப்பவர்களில் இவர் ‘அருகில்’ நிற்கிறார் என்று மட்டுமே பொருள். அறிக்கையில் முதல் எண்ணை மட்டும் எழுதினால் படிக்கிற காவல் ஆய்வாளர் முடிந்தது விஷயம் என்று எண்ணுவார்.

சோதித்தவர்கள் உண்டு. வில்லியம்ஸ், பெல்ச்சர், ஆர்மலகோஸ் மூவரும் 2005-இல் நூபியாவின் மெரோயிட்டிக் காலத்து மண்டையோடுகளை இதில் கொடுத்தார்கள். நைல் ஆற்றங்கரையில் ஒரே காலத்தில் வாழ்ந்த ஒரு மக்கள்தான். மென்பொருள் அவர்களைப் பல கண்டங்களுக்குப் பிரித்து அனுப்பியது. ஆதிச்சநல்லூர்ப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. ஒரு கூட்டத்துக்குள் இயல்பாக இருக்கும் வேறுபாட்டை, பல கூட்டங்கள் வந்து கலந்ததாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. மண்டையோட்டு அளவுகளில் காணும் வேறுபாட்டில் பெரும் நிலப்பகுதிகளுக்கு இடையே உள்ளது ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து விழுக்காடுதான் என்று 1994-இல் ரெல்த்ஃபோர்ட் கணக்கிட்டிருந்தார். மீதியில் பெரும்பங்கு ஒரே ஊர்க்காரர்களுக்குள் இருப்பது. 2009-இல் எலியட், கொலார்டு இருவரும் இன்னும் கடுமையாகச் சொன்னார்கள்: மண்டையோடு முழுசாக இருந்து, அந்த ஆளின் மக்களும் மென்பொருளின் பட்டியலில் இருந்தால்தான் விடையை நம்பலாம்.

அந்தப் பட்டியலில் நாம் இருக்கிறோமா? பழைய மக்களை ஒப்பிட ஃபோர்டிஸ்க் எடுத்துக்கொள்வது ஹவல்ஸ் என்பவர் உலகெங்கும் சுற்றி அளந்த தொகுப்பு. 28 மக்கள் கூட்டங்கள், ஏறத்தாழ 2500 மண்டையோடுகள். நார்வே உண்டு, பெரு உண்டு, ஈஸ்டர் தீவு உண்டு. அந்தமான் உண்டு. இந்தியப் பெருநிலத்திலிருந்து ஒரு கூட்டம்கூட இல்லை. ஒரு தமிழரின் மண்டையோட்டை அதில் கொடுத்தால், தமிழர் என்ற விடை வருவதற்கு வழியே கிடையாது. எகிப்தோ ஹங்கேரியோ ஏதோ ஒன்று வரும். வந்ததை நம்பி ஒரு கதை எழுதுவது சுலபம்.

மறுபக்கத்தாருக்கும் செவிகொடுக்க வேண்டும், அவர்கள் வீம்புக்குப் பேசவில்லை. இனங்கள் இல்லையென்றால் தடய மானிடவியலாளர்கள் எப்படி அவற்றைச் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நார்மன் சாவர் 1992-இல் கேட்டார். அவரே விடையும் சொன்னார். அமெரிக்காவில் காணாமல் போனவரின் படிவத்தில் ‘வெள்ளையர்’, ‘கறுப்பர்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சமூகப் பெயர்கள், மூதாதையர் வந்த நிலப்பகுதியோடு ஓரளவு பொருந்துகின்றன. மண்டையோடு நிலப்பகுதியைக் கொஞ்சம் காட்டுகிறது. ஆகவே பொருத்தம் கிடைக்கிறது. அது இனம் என்பது உயிரியலில் உண்டு என்பதற்குச் சான்றாகாது. தெற்காசிய எலும்புகளையே வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கென்னத் கென்னடி, அமெரிக்க நீதிமன்றங்களுக்காகத் தடய வேலையும் பார்த்தவர். இனங்களே இல்லையென்றால் அதை ஏன் கற்பிக்கிறீர்கள் ஐயா என்று மாணவர் கேட்கும் கேள்வியையே 1995-இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். இந்தியத் தொல் எலும்புகளுக்கு இனப்பெயர் ஒட்டுவதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான். இரண்டு நிலையும் ஒரே மனிதரிடம் இருந்தது எனக்கு முரணாகப் படவில்லை. அமெரிக்கப் படிவத்துக்குப் பயன்படும் ஒரு கருவி, 2500 ஆண்டுக்கு முந்தைய தாழிக்குப் பயன்படாது என்று அவர் அறிந்திருந்தார்.

2020-இல் பெதார்டும் டிகாஞ்சியும் எலும்பிலிருந்து மக்கள் கூட்டத்தைக் கணிப்பதையே கைவிடுங்கள் என்று எழுதினார்கள். உதவுகிறதா என்று யாரும் நிரூபிக்கவில்லை, சிறுபான்மையர் என்று அறிக்கை சொன்னால் புலனாய்வு சுணங்கவும் கூடும் என்பது அவர்கள் வாதம். எல்லையில் இறந்துபோகும் குடியேறிகளின் உடல்களை வீடு சேர்க்க இந்தத் துப்பும் இல்லாமல் முடியாது என்று வேறு பலர் மறுத்தார்கள். இதற்கிடையில் துறையின் சொல்லும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் ‘இனம்’. பிறகு ‘வம்சாவளி’. இப்போது அங்கே ‘மக்கள் நெருக்கம்’ என்று பொருள்படும் சொல்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெயர்மாற்றம் எல்லோருக்கும் தெரியும். சேத்தியாத்தோப்பிலிருந்து மேற்கே போனால் வரும் பீங்கான் ஊரைப் பாடல்கள் முதுகுன்றம் என்றன. வடமொழியில் அதையே விருத்தாசலம் என்றார்கள். பெயர் மாறியது, பொருள் மாறவில்லை. ‘இனம்’ ‘வம்சாவளி’ ஆனதும் இப்படித்தான் என்பது விமர்சகர்களின் குற்றச்சாட்டு: பலகையை மட்டும் மாற்றி, உள்ளே அதே மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டார்கள். ‘மக்கள் நெருக்கம்’ அப்படியல்ல என்று நான் நினைக்கிறேன். எந்த மக்களுக்கு நெருக்கம், எத்தனை பேரோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்ற கேள்வியை அந்தச் சொல் தானாகவே கேட்க வைக்கிறது. ‘ஆய்டு’ தொலைத்துவிட்ட ‘போன்ற’ திரும்ப வந்திருக்கிறது.

நம் ‘இனம்’ என்ற சொல்லும் இவ்வளவு சுமையோடு பிறந்ததில்லை. இலக்கணத்தில் இன எழுத்து என்றால் ஒலிப்பில் கூட்டாளியான எழுத்து. திருக்குறளில் ‘சிற்றினம் சேராமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே இனம் என்பது ஒருவர் சேர்ந்து பழகும் கூட்டம். பிறப்பால் எலும்புக்குள் பதிந்த ஒன்று என்ற பொருள் பின்னாளில், ஐரோப்பியச் சொல்லுக்கு ஈடாக அதைப் பிடித்து நிறுத்தியபோது ஏறியது.

தமிழ்நாட்டில் ஒரு காவல் நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘காணவில்லை’ சுவரொட்டியைப் பாருங்கள். பெயர், வயது, உயரம், நிறம், உடுத்தியிருந்த உடை, மச்சம், பேசும் மொழி இருக்கும். காகசாய்டா ஆஸ்திரலாய்டா என்று எவரும் எழுதுவதில்லை. எலும்பு கிடைத்தால் அந்தச் சொல்லை எதனோடும் பொருத்திப் பார்க்க முடியாது. சாதியும் மண்டையோட்டில் தெரியாது. தெரியும் என்று எவராவது சாட்சி சொன்னால் எந்த ஒப்பீட்டுத் தொகுப்பை வைத்து என்று குறுக்கு விசாரணையில் கேட்கலாம். இங்கே ஆளைக் கண்டுபிடித்துத் தருபவை பல், பழைய எலும்பு முறிவு, புகைப்படத்தோடு மண்டையோட்டைப் பொருத்தும் முறை, கடைசியில் மரபணு.

கீழடி அருகே கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு 2025-இல் முகம் அமைத்துக் காட்டினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முயற்சி. லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை நடந்தது. தாடையின் அகலம், கண்குழியின் இடம், மூக்கெலும்பின் சாய்வு ஆகியவை மண்டையோடு தந்தவை. தோலின் நிறம், முடி, உதட்டின் தடிப்பு போன்றவற்றை எலும்பு தருவதில்லை. இன்றைய தென்னிந்தியரைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியவை அவை. படத்தைப் பார்க்கும் நாம் எலும்பு தந்ததற்கும் தராததற்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்.

ஒப்பீட்டுத் தொகுப்பில் இந்தியர் இல்லாததற்கு எலும்பு இல்லாமை காரணமன்று. 1985-இல் தடை வரும்வரை உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித எலும்புக்கூடுகளை அதிகம் அனுப்பிய நாடு இந்தியாதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாக மருத்துவர்கள் நம்மவர் எலும்பைப் பிடித்தே உடற்கூறு படித்தார்கள். அவற்றில் சில இன்றும் அங்குள்ள வீடுகளின் பரணிலிருந்து வெளிப்பட்டுக் காவல்துறைக்குப் போகின்றன. தடய மானிடவியலாளர் முதலில் பார்ப்பது தாடையில் மாட்டிய சுருள்கம்பி, மண்டையின் உச்சியை வட்டமாக அறுத்த தடம், தொங்கவிடத் துளைத்த ஓட்டை ஆகியவற்றை. இருந்தால் இது கொலையன்று, பாடம் நடத்திய எலும்பு என்று முடித்துவிடுவார். எந்த ஊர், எந்த வயது, ஆணா பெண்ணா என்ற குறிப்பு எதுவும் இல்லாமல் அனுப்பப்பட்டதால் அவற்றை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த முடியவில்லை. நம் உடற்கூறியல் துறைகளில் இருக்கும் மண்டையோடுகளில் பலவற்றின் நிலையும் இதுவே. அளவுகள் பல கட்டுரைகளில் வந்துகொண்டிருக்கின்றன; யாருடைய மண்டையோடு என்ற பதிவு இல்லை. உடல்தானம் செய்பவர்களின் வயது, பிறந்த ஊர், பெற்றோர் ஊர் ஆகியவற்றை அவர்கள் ஒப்புதலோடு எழுதி வைத்தால், நம் மாநிலத்துக்கென ஒரு தொகுப்பு இருபது முப்பது ஆண்டில் உருவாகிவிடும். அதுவரை ஆதிச்சநல்லூர் மண்டையோட்டின் அறிக்கையில் அளவுகளையும், சிதைந்திருக்கிறதா என்பதையும், எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் எழுதலாம். பெயர் எழுதும் கட்டத்தை வெற்றாக விடலாம்.